‘ஸ்பீடு 180’ என்று இருந்தால் தமிழில் எப்படி எழுதுவது?

“அண்ணா, புதுச்சேரி மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் ஒரு சின்ன சிஎன்சி யூனிட்டில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. லேத் புரோகிராமோடு வரும் இங்கிலீஷ் நோட்டைத் தமிழில் எழுதி மெஷினில் ஒட்டச் சொல்கிறார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘ஸ்பீடு 180, மேக்ஸிமம் 2500, ஃபீடு 0.12. சாட்டர் வந்தால் ஸ்பீடைக் குறை. ஓ.டி. செக் பண்ணி டூல் ஆஃப்செட் 3-ஐ மைனஸில் அட்ஜஸ்ட் பண்ணு.’ ஃபீடு ரேட், ஸ்பிண்டில் ஸ்பீடு, டூல் ஆஃப்செட் மூன்றுக்கும் சரியான தமிழ்ச் சொல் என்ன?”

தம்பி, சொல் கிடைக்காமல் இல்லை. ஊட்டு வீதம், சுழல்தண்டு வேகம், கருவி ஈடு என்று எழுதிவிடலாம். எழுதினால் உங்கள் ஆபரேட்டர் அதை ஒரு தடவை வாசித்துவிட்டு, பக்கத்து மெஷின்காரரிடம் “இது என்னப்பா?” என்று கேட்பார். மெஷின் திரையில் F, S, T என்றுதான் இருக்கிறது. குமிழ் மேல் இங்கிலீஷில்தான் அச்சடித்திருக்கிறது. அதனால் ஃபீடு, ஆஃப்செட் இரண்டையும் அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றி எழுத வேண்டியது அந்தச் சொற்களைச் சுற்றி இருக்கிற வாக்கியங்களைத்தான். எந்த அலகு, எந்தப் பக்கம், எவ்வளவு, எந்தப் பொத்தான் என்பதையெல்லாம் அந்த இங்கிலீஷ் நோட்டு சொல்லவே இல்லை. எழுதியவருக்கு அது தெரியும், அதனால் விட்டுவிட்டார்.

முதலில் ‘வேகம்’ என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் நானே மாட்டியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் கடலூர் பக்கம் ஒரு யூனிட்டில் இருந்தபோது, உங்கள் நோட்டில் உள்ள மாதிரியே ஒரு வரியை “அதிர்வு வந்தால் வேகத்தைக் குறைக்கவும்” என்று தமிழில் எழுதி ஒட்டினேன். அதே தாளில் மேலே ஃபீடுக்கு ‘ஊட்டு வேகம்’ என்றும் எழுதியிருந்தேன். நைட் ஷிஃப்டில் இருந்த பையன் நல்ல பையன், தாளைப் பார்த்தே வேலை செய்தான். ஜாப் மேல் வரிவரியாகக் கோடு விழுந்து கீச்சென்று சத்தம் வந்ததும், ஃபீடு ஓவர்ரைடு குமிழை 50-க்குத் திருப்பிவிட்டான். அதுவும் வேகம்தானே! ஆனால் ஃபினிஷிங்கில் ஃபீடைப் பாதியாக்கினால் இன்சர்ட் வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும். அதிர்வு அடங்காது, பல நேரம் கூடும். அங்கே குறைக்க வேண்டியது ஸ்பிண்டிலின் சுற்றை. காலையில் வந்து பார்த்தால் பதினோரு ஜாப் தனியாக அடுக்கி வைத்திருந்தது. தப்பு அவனுடையது இல்லை, என் தாளினுடையது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நோட்டில் ‘வேகம்’ என்று தனியாக எழுதுவதில்லை. ‘ஸ்பீடு’ என்றும் எழுதுவதில்லை, ஏனென்றால் மெஷின் ஓடுகிற சத்தத்தில் “ஃபீடைக் குறை” என்று கத்துவதும் “ஸ்பீடைக் குறை” என்று கத்துவதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். டூல் நகர்வதற்கு ஃபீடு, ஜாப் சுற்றுவதற்குச் சுற்று அல்லது ஆர்.பி.எம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உங்கள் நோட்டின் முதல் எண்ணே அதுதான்.

நோட்டோடு புரோகிராமையும் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். உங்களுடையது ஏறத்தாழ இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்: ஃபனுக் கண்ட்ரோல், 20 மி.மீ. மூக்கும் 50 மி.மீ. உடம்பும் உள்ள ஒரு ஸ்டீல் ஷாஃப்ட், கார்பைடு இன்சர்ட்.

```
N30 G99 G50 S2500
T0303
G96 S180 M03
G00 X20. Z2. M08
G01 Z-15. F0.12
X49.99
Z-40.
X54.
```

S என்ற எழுத்து இதில் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் வேறு வேறு பொருள். `G96` இருக்கும்போது `S180` என்பது ஆர்.பி.எம். இல்லை, இன்சர்ட்டின் முனையில் உலோகம் ஓடுகிற வேகம், நிமிடத்துக்கு 180 மீட்டர். விட்டம் மாற மாற மெஷின் தானே சுற்றை மாற்றி இந்த 180-ஐக் காப்பாற்றும். கணக்கு இது:

```
n = 1000 x V / (3.1416 x D)
```

50 மி.மீ. விட்டத்தில் போட்டால் 1146 சுற்று வரும். 20 மி.மீ. மூக்கில் 2865 வரும். ஆனால் `G50 S2500` என்று மேலே கட்டியிருப்பதால் அங்கே 2500-க்கு மேல் ஏறாது. சுமார் 23 மி.மீ. விட்டத்துக்குக் கீழே போனாலே இந்தக் கட்டு வேலை செய்ய ஆரம்பித்துவிடும்.

‘ஸ்பீடு 180’ என்பதை ‘ஸ்பிண்டில் வேகம் 180’ என்று தமிழாக்கினால் என்ன ஆகும்? கூர்மையான ஆள் ஒருவர், “தாளில் 180, திரையில் 1146 ஓடுகிறது, யாரோ மாற்றியிருக்கிறார்கள்” என்று நினைத்து `G97 S180` என்று திருத்துவார். `G97`-இல் S என்பது நேரடியாக ஆர்.பி.எம்.தான். 50 மி.மீ. விட்டத்தில் 180 சுற்று என்றால் வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 28 மீட்டர் சொச்சம். கார்பைடுக்கு அது நடை. உலோகம் இன்சர்ட் முனையில் ஒட்டிக்கொண்டு, மேற்பரப்பு கிழித்த மாதிரி வரும். ஒரு ஜாப் முடிய ஆறு மடங்கு நேரமும் ஆகும். மெஷின் அலாரம் எதுவும் கொடுக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் தப்பே நடக்கவில்லை.

அதனால் இதற்கு ‘வெட்டு வேகம்’ என்று எழுதி, கூடவே ‘நிமிடத்துக்கு மீட்டர்’ என்றும், ‘ஆர்.பி.எம். இல்லை’ என்றும் எழுதிவிடுங்கள். திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஆபரேட்டர் ஒத்துப் பார்க்கக் கையில் கிடைப்பது அந்த எண்தான்.

‘மேக்ஸிமம் 2500’ சிறிய வரி, ஆனால் அதைத் தமிழாக்குகிறவர்கள் பெரும்பாலும் ‘2500-ஐ மீறக்கூடாது’ என்று எழுதுகிறார்கள். யார் மீறக்கூடாது? ஆபரேட்டர் மீற எதுவும் இல்லை, மெஷினே மீறாது. அந்த வரிக்கு உண்மையான பொருள், “சக்கும் ஜாப்பும் தாங்குகிற அளவை வைத்துப் போட்டது, இந்த வரியை அழிக்காதே” என்பதுதான். அப்படியே எழுதுங்கள்.

ஃபீடுக்கு வருவோம். `G99`-இல் `F0.12` என்றால் ஜாப் ஒரு சுற்று சுற்றும்போது டூல் 0.12 மி.மீ. நகரும். 1146 சுற்றில் அது நிமிடத்துக்கு 137 மி.மீ. ஆகிறது. இதே லேத்தில் `G98` என்றால் F நிமிடத்துக்கு மி.மீ. ஆகிவிடும், அங்கே `F0.12` விட்டால் டூல் நின்றுபோன மாதிரி இருக்கும். பயப்பட வேண்டியது தலைகீழான தவறுக்கு. `G99` ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது நிமிடக் கணக்கை நினைத்து `F120` போட்டால், ஒரு சுற்றுக்கு 120 மி.மீ. போகச் சொன்னதாக ஆகும். ஆகவே ‘ஃபீடு 0.12’ என்று மொட்டையாக எழுதாமல் ‘ஒரு சுற்றுக்கு 0.12 மி.மீ.’ என்று எழுதுங்கள். இன்னொன்று: உங்கள் யூனிட்டில் விஎம்சியும் இருந்தால் இந்தத் தாளைப் பார்த்து அங்கே எழுத வேண்டாம். அங்கே `G98`, `G99` டிரில்லிங் சைக்கிளில் டூல் எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு. ஃபீடுக்கு `G94`, `G95`.

இனி ஆஃப்செட். உங்கள் நோட்டில் இருப்பதிலேயே ஆபத்தான வரி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆஃப்செட் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் என்றுதான் நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். மெஷின் ஷாப்பிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. டூலைப் புதிதாக மாட்டி ஜாப்பில் தொட்டு அளவு பதிவது ஒன்று; “ஆஃப்செட் எடுத்தாச்சா?” என்று கேட்பது இதைத்தான். அது GEOM பக்கத்தில் போய் உட்காரும். ஓடுகிற வேலையில் இன்சர்ட் தேயத் தேய நூல் நூலாகச் சரிசெய்வது இன்னொன்று. அது WEAR பக்கம். “ஆஃப்செட் கொடு” என்றால் இது. உங்கள் நோட்டு சொல்வது இரண்டாவதை. பக்கத்தின் பெயரைத் திரையில் உள்ளபடி எழுதாவிட்டால், ஒருநாள் யாராவது GEOM-இல் கை வைப்பார்கள்.

‘ஆஃப்செட் 3’ என்பதும் இரண்டு பொருள் தரும்: மூன்றாம் எண் ஆஃப்செட்டா, 3 என்ற அளவா? `T0303`-இல் முதல் 03 டூல், அடுத்த 03 ஆஃப்செட் வரி. ‘3-ம் வரி’ என்று எழுதினால் குழப்பம் போய்விடும்.

அடுத்தது ‘மைனஸில் அட்ஜஸ்ட்’. இதை எல்லோரும் ‘குறைக்கவும்’ என்றுதான் மொழிபெயர்ப்பார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிராயிங் 49.98 முதல் 50.00 வரை கேட்கிறது. நடுவில் 49.99-ஐக் குறி வைக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் 50.03 வருகிறது, 0.04 கூட. WEAR பக்கம் 3-ம் வரியில் X-க்கு ஏற்கெனவே -0.060 இருக்கிறது. இப்போது ‘0.04 குறைக்கவும்’ என்றால் என்ன செய்வார்? ஒருவர் -0.100 ஆக்குவார், அதுதான் சரி. இன்னொருவர், மைனஸ் 0.06-இல் 0.04-ஐக் குறைத்தால் மைனஸ் 0.02 என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. ‘மைனஸைக் குறை’ என்பது தமிழில் அப்படியும் பொருள்படும்.

மூன்றாமவர் -0.04 என்று சரியாகத் தட்டிவிட்டு, `+INPUT` அழுத்துவதற்குப் பதில் `INPUT` அழுத்துவார். `+INPUT` இருக்கிற எண்ணோடு கூட்டும். `INPUT` இருந்ததை அழித்துவிட்டு இதை வைக்கும். அவர் திரையில் -0.100-க்குப் பதில் -0.040 நிற்கும். ஜாப் 49.99 வரவேண்டிய இடத்தில் 50.05 வரும். “மைனஸ் கொடுத்தேன், விட்டம் ஏறுகிறது” என்று யாராவது வந்து சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள். ஏறினால் திரும்ப ஒரு பாஸ் விட்டுத் தப்பிக்கலாம். இறங்கினால் ஜாப் போச்சு.

இதற்கெல்லாம் என் வழி, ‘குறை’, ‘கூட்டு’ என்ற வினைச்சொல்லையே ஆஃப்செட் வரியில் வைக்காமல் இருப்பது. என்ன தட்ட வேண்டும், எந்தப் பொத்தான், முடிந்ததும் திரை என்ன காட்ட வேண்டும் என்று எழுதுவேன். எண்ணை எப்போதும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு, -0.040 என்று. ‘நாலு பாயிண்ட்’ என்று வாய்வழியாகச் சொன்னதை ஒருவர் 0.04 என்றும் இன்னொருவர் 0.4 என்றும் எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். புள்ளியையும் விடச் சொல்லாதீர்கள். புள்ளி இல்லாமல் 40 என்று தட்டினால் சில கண்ட்ரோலில் 40 மைக்ரான், செட்டிங் மாறியிருந்தால் 40 மி.மீ.

இங்கே X-இன் அளவு விட்டத்திலா ஆரத்திலா என்ற கேள்வியும் இருக்கிறது. ஃபனுக் லேத்தில் வழக்கமாக விட்டத்தில்தான் வைத்திருப்பார்கள்: 0.04 கூட இருந்தால் 0.04-ஐயே கொடுக்கலாம், பாதியாக்க வேண்டாம். உங்கள் மெஷினிலும் அப்படியா என்று ஒரு ஜாப்பில் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் நோட்டில் இல்லாத இரண்டு விஷயத்தைப் புரோகிராமரிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்வேன். நீங்களாகச் சேர்க்க வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டால் மட்டும். ஒன்று, இன்சர்ட் மாற்றியதும் என்ன செய்வது? தேய்மானத்துக்காகச் சேர்ந்த -0.100 அங்கேயே இருக்கும். புது இன்சர்ட் அதே மைனஸோடு இறங்கினால் முதல் ஜாப் 49.89 பக்கம் வந்து குப்பைக்குப் போகும். நான் புது இன்சர்ட்டுக்கு WEAR-இல் +0.200 வைத்து ஒரு ஜாப் ஓட்டி, அளந்து, மீதியைக் கொடுக்கச் சொல்வேன். இரண்டாவது, ‘ஓ.டி. செக்’ என்பதை எப்போது செய்வது? வெட்டி எடுத்த சூட்டோடு அளந்தால் ஏமாற்றும். 50 மி.மீ. ஸ்டீல் ஆறிய நிலையைவிட 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தாலே விட்டம் 0.012 மி.மீ. அளவுக்குக் கூடிக் காட்டும். உங்களுக்கு விட்டிருக்கிற மொத்த இடமே 0.02 தான்.

எல்லாவற்றையும் சேர்த்தால் நான் இப்படி எழுதுவேன்:

> N30 – டூல் 3 – வெளி விட்டம் ஃபினிஷிங்
>
> S180 என்பது வெட்டு வேகம்: நிமிடத்துக்கு 180 மீட்டர். ஆர்.பி.எம். இல்லை. 50 மி.மீ. விட்டத்தில் திரையில் சுமார் 1146 சுற்று ஓடும். 20 மி.மீ. விட்டத்தில் 2500-இல் நிற்கும். இது சரிதான், மாற்றாதே.
>
> G50 S2500 வரி சக்கின் பாதுகாப்புக்காக. அழிக்காதே, மாற்றாதே.
>
> ஃபீடு: ஒரு சுற்றுக்கு 0.12 மி.மீ. ஃபீடு குமிழ் 100-இல் இருக்க வேண்டும்.
>
> ஜாப் மேல் வரிவரியாகக் கோடு விழுந்தால் ஸ்பிண்டில் குமிழை 100-இலிருந்து 80-க்குத் திருப்பவும். ஃபீடு குமிழைத் தொடாதே. அப்படியும் கோடு போகாவிட்டால் நிறுத்திவிட்டு செட்டரைக் கூப்பிடவும்.
>
> அளவு: ஜாப் ஆறிய பிறகு, மைக்ரோமீட்டரில் 49.98 முதல் 50.00 வரை.
>
> விட்டம் கூடியிருந்தால்: WEAR பக்கம், 3-ம் வரி, X. எவ்வளவு கூடியதோ அதை மைனஸோடு, புள்ளியோடு தட்டி +INPUT அழுத்தவும். INPUT அழுத்தாதே. எடுத்துக்காட்டு: 49.99 வரவேண்டியது 50.03 வந்தால் -0.040. முன்பு -0.060 இருந்தால் இப்போது -0.100 காட்ட வேண்டும்.
>
> 50 மட்டும் தப்பி, 20 சரியாக இருந்தால் ஆஃப்செட் கொடுக்காதே. செட்டரைக் கூப்பிடவும்.

கடைசி வரி ஏன் என்றால், இரண்டு விட்டத்தையும் ஒரே டூல், ஒரே ஆஃப்செட்டில் வெட்டுகிறது. ஒன்றைச் சரிசெய்யக் கொடுக்கிற மைனஸ் மற்றதையும் இழுத்துவிடும். ஒன்று மட்டும் தப்புகிறது என்றால் காரணம் ஜாப் வளைவதிலோ பிடிப்பிலோ புரோகிராமிலோ இருக்கும். ஸ்பிண்டில் குமிழுக்கு 80 என்று நான் போட்டது ஒரு எடுத்துக்காட்டுக்கு. அந்த எண்ணைப் புரோகிராமரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘அழுத்தவும்’, ‘திருப்பவும்’ என்று மரியாதையாக எழுதிவிட்டு, செய்யக்கூடாததை மட்டும் ‘தொடாதே’ என்று ஒருமையில் எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றேதான். ‘தொட வேண்டாம்’ என்பது நம் காதில் கெஞ்சுகிற மாதிரி விழுகிறது, ‘தொடாதே’ நிறுத்துகிறது. உங்கள் யூனிட்டில் வயதான ஆபரேட்டர்கள் இருந்து அவர்களுக்கு உறுத்தினால் ‘தொடக்கூடாது’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

புரோகிராமுக்குள்ளேயே அடைப்புக்குறி போட்டுத் தமிழில் எழுதலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் வேலை செய்த கண்ட்ரோல்களில் தமிழ் எழுத்து ஏறியதில்லை. அதனால்தான் தாளின் தலைப்பில் N30 என்று போட்டேன். திரையில் N30 ஓடும்போது எந்தப் பத்தியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். புரோகிராம் எண்ணையும் தேதியையும் மூலையில் போடுங்கள். புரோகிராமை மாற்றிவிட்டுத் தாளை மாற்றாமல் விட்டால், தாளே இல்லாததைவிட அது மோசம்.

இதே தாளை வைத்து உள் விட்டம் போரிங் டூலுக்கும் எழுதப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். X-இல் மைனஸ் கொடுத்தால் வெளியிலும் உள்ளேயும் விட்டம் குறையும், பிளஸ் கொடுத்தால் கூடும், அது மாறாது. ஆனால் இன்சர்ட் தேய்ந்தால் வெளி விட்டம் ஏறும், உள் விட்டம் இறங்கும். அதனால் அங்கே வழக்கமாகக் கொடுக்க வேண்டியது பிளஸ். இங்கிலீஷ் நோட்டில் அங்கேயும் ‘மைனஸில் அட்ஜஸ்ட்’ என்று இருந்தால், வெளி விட்டத்து நோட்டிலிருந்து யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தமிழாக்குவதற்கு முன் புரோகிராமரிடம் அந்த வரியைக் காட்டிவிடுங்கள்.